சொன்ன எடையும் தராசு காட்டிய எடையும்: சர்வே பிஎம்ஐ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு சர்வே தரவுகளில் கைகொடுப்பது என் பிழைப்பு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ தரவில் ஒரு பத்தியாகக் கண்ணில் பட்டாலே எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பத்தி தராசிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா என்று கேட்டால்தான் சந்தேகங்கள் ஆரம்பிக்கும். வருடா வருடம் வரும் அதே சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆளைக் கேட்டு உயரம், எடை எழுதிக்கிட்டா என்ன தப்பு? அவங்க உடம்பு அவங்களுக்குத் தெரியாதா?

தெரியும், ஆனால் ஏறக்குறையத்தான் தெரியும். அந்த "ஏறக்குறைய" இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கவலை இல்லை. சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் சொல்லி, சராசரியில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் உயரத்தில் பெரும்பாலோர் கூட்டிச் சொல்கிறார்கள், எடையில் குறைத்துச் சொல்கிறார்கள். சாய்வு ஒரே பக்கம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முதலில் கேட்டுவிட்டு அதே ஆளை அளப்பது. கனடா புள்ளியியல் துறை 2005இல் தன் சமூக நலச் சர்வேயில் சுமார் 4,500 பேரிடம் அப்படிச் செய்தது. ஆண்கள் சராசரியாக உயரத்தை 1 செ.மீ. கூட்டியும் எடையை 1.8 கிலோ குறைத்தும் சொல்லியிருந்தார்கள். பெண்கள் உயரத்தை அரை செ.மீ. கூட்டியிருந்தார்கள், எடையை 2.5 கிலோ குறைத்திருந்தார்கள். இந்தக் கனடா தரவையே கீழேயும் அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சென்டிமீட்டரும் ரெண்டு கிலோவும் ஒரு விஷயமா சார்?

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். "ஐந்தடி ஒன்பது அங்குலம், 200 பவுண்டு" என்கிறார். மீட்டரில் 1.753, கிலோவில் 90.7. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 29.5. அதிக எடைதான், பருமன் இல்லை. இவர் மேலே சொன்ன சராசரிப் பிழையைத்தான் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் உண்மையான உயரம் 1.743 மீட்டர், எடை 92.5 கிலோ. இப்போது பிஎம்ஐ 30.4. முப்பதைத் தாண்டிவிட்டார், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைப்படி இவர் பருமன் பிரிவில் வரவேண்டியவர்.

இரண்டு பிழையும் பிஎம்ஐயை ஒரே திசையில், கீழ்நோக்கித் தள்ளுகின்றன. அதிலும் உயரம் வர்க்கமாவதால் அதன் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அப்படியும் மொத்த வித்தியாசம் 3 சதவீதம்தான். சராசரி பிஎம்ஐ மட்டும் வேண்டும் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் கேட்பது "எத்தனை சதவீதம் பேர் பருமன்?" என்பதை. முப்பது என்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் நெரிசலாக நிற்கிறார்கள், கோட்டை ஒரு புள்ளி நகர்த்தினாலே கும்பலாக இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். அதே கனடா ஆட்களில், சொன்னதை நம்பினால் பருமன் 15.2 சதவீதம், அளந்தால் 22.6 சதவீதம். அதாவது பருமனானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கணக்கில் வரவில்லை.

அப்போ ஜனங்க வேணும்னே பொய் சொல்றாங்களா?

கொஞ்சம் ஆசை, நிறைய மறதி, மிச்சம் முழு எண். எடை சொல்லும்போது 0, 5 என்று முடியும் எண்களில் குவிகிறார்கள். 183 பவுண்டுக்காரர் 180 என்பார். ஆறடிக்கு அரை அங்குலம் குறைந்த ஆண் ஆறடி என்றே சொல்லிவிடுவார். சிலர் கடைசியாக எடை பார்த்தது இரண்டு தீபாவளிக்கு முன்னால்.

வயதானவர்களின் உயரம் தனிக்கதை. என் அப்பாவின் பழைய அடையாள அட்டையில் ஐந்தடி ஏழு என்று இருந்தது, கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயதில் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன்: ஐந்தடி ஐந்தரை. அவர் பொய் சொல்லவில்லை, முதுகெலும்பு சுருங்கிய சேதி அவருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவர்களின் உயரப் பிழை இளைஞர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சரி, எல்லாருக்கும் ரெண்டு கிலோ கூட்டி, ஒரு செ.மீ. கழிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

பிழை எல்லாரிடமும் ஒரே அளவாக இருந்திருந்தால் முடிந்திருக்கும். ஒல்லியானவர்கள் எடையை ஏறக்குறையச் சரியாகவே சொல்கிறார்கள், சிலர் சற்றுக் கூட்டியும் சொல்கிறார்கள். எடை ஏற ஏற மறைப்பும் ஏறுகிறது. பருமனானவர்களிடம் பல கிலோ போய்விடும். எல்லாருக்கும் ஒரே இரண்டு கிலோவைக் கூட்டினால் ஒல்லியானவரைக் குண்டாக்கி, குண்டானவரைப் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

அதனால் திருத்தம் என்பது ஒற்றை எண்ணைக் கூட்டுவது அல்ல. சொன்ன பிஎம்ஐ ஏற ஏறத் திருத்தமும் ஏறவேண்டும். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். பல ஆய்வுகள் வயதையும் சேர்த்துக்கொள்கின்றன.

திருத்தச் சமன்பாடுன்னு சொல்றாங்களே, ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க.

2005 கனடா தரவில் அளந்த பிஎம்ஐயை ஒரு பக்கமும் சொன்ன பிஎம்ஐயை மறுபக்கமும் வைத்து நேர்கோடு பொருத்தினார்கள். கிடைத்தது இதுதான்:

```
ஆண்:   திருத்திய BMI = -1.08 + 1.08 × சொன்ன BMI
பெண்:  திருத்திய BMI = -0.12 + 1.05 × சொன்ன BMI
```

25 என்று சொல்லும் ஆணுக்கு 25.9 வரும், கூடியது 0.9. 35 என்பவருக்கு 36.7, கூடியது 1.7. முந்தைய பதிலில் சொன்ன "ஏற ஏற" இதுதான். நம் 200 பவுண்டுக்காரரின் 29.5ஐப் போட்டால் 30.8 கிடைக்கும். இன்னொரு விதமாகப் பார்த்தால், பருமன் கோடு ஆண்களுக்குச் சொன்ன அளவில் 28.8 வாக்கிலும் பெண்களுக்கு 28.7 வாக்கிலும் விழுகிறது. அதற்கு மேலே சொன்னவர்கள் எல்லாரும் திருத்தத்தில் முப்பதைத் தாண்டிவிடுவார்கள்.

உயரத்தையும் எடையையும் தனித்தனியாகத் திருத்திப் பிறகு பிஎம்ஐ போடுகிறவர்களும் உண்டு. உயரப் பிழைக்கு வயது காரணம், எடைப் பிழைக்கு எடையே காரணம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. சதவீதம் மட்டும் வேண்டும் என்றால் நேராக பிஎம்ஐயைத் திருத்துவதே போதும் என்பது என் கருத்து.

என் பிஎம்ஐயை இதுல போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இது கூட்டத்துக்கான கணக்கு. நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் உங்கள் தலையில் ஒரு புள்ளியைக் கட்டிவிடும். ஒரு நல்ல தராசில் ஏறிப் பாருங்கள்.

திருத்தின பிறகும் பருமன் சதவீதம், அளந்ததைவிடக் கம்மியாவே வருதே, எங்க தப்புப் பண்ணேன்?

நீங்கள் தப்புப் பண்ணவில்லை, நேர்கோட்டின் குணம் அது. சமன்பாடு தருவது சராசரி. 28 என்று சொன்ன நூறு ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு நூறு பேருக்கும் 29.2 என்று எழுதும். ஒருவர்கூட முப்பதைத் தாண்டமாட்டார். ஆனால் நிஜத்தில் அந்த நூறு பேரும் 29.2ஐச் சுற்றிச் சிதறிக் கிடப்பார்கள். சிதறலின் திட்ட விலக்கம் 1.5 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் சுமார் 29 பேர் முப்பதுக்கு மேல் இருப்பார்கள். அந்த 29 பேரும் காணாமல் போகிறார்கள்.

மறுபக்கம், 29.5 என்று சொன்ன நூறு பேரையும் சமன்பாடு பருமன் என்று எழுதிவிடும், அவர்களில் சுமார் 30 பேர் உண்மையில் முப்பதுக்குக் கீழே இருப்பார்கள். இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 28 என்று சொல்பவர்கள் 29.5 என்று சொல்பவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். பிஎம்ஐ வரைபடத்தின் மேடு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் தொலைந்தவர்கள், தவறாகச் சேர்ந்தவர்களைவிட அதிகமாகிவிடுவார்கள். எல்லை மேலே போகப் போக, அதாவது 35, 40 என்ற கடும் பருமன் எல்லைகளில், இந்தக் குறை இன்னும் மோசமாகத் தெரியும்.

இதற்கு மருந்து, சிதறலைத் திருப்பிச் சேர்ப்பது. கோடு பொருத்தியபோது மிஞ்சிய பிழைகளிலிருந்து குலுக்கலாக ஒன்றை எடுத்து ஒவ்வொருவரின் திருத்திய பிஎம்ஐயிலும் கூட்டவேண்டும். இதைப் பல முறை செய்து, ஒவ்வொரு முறையும் சதவீதம் கணக்கிட்டுச் சராசரி எடுக்கவேண்டும். விடுபட்ட தரவை நிரப்பும் பன்முறை நிரப்பல் முறை தெரிந்தவர்களுக்கு இது பழகிய வேலைதான்: அளந்த பிஎம்ஐயை "விடுபட்ட தரவு" என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போன்ல கேட்டா ஒரு பதில், நேர்ல கேட்டா ஒரு பதில்னு மாறுமா?

மாறும். மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அமெரிக்காவில் இரண்டு பெரிய சர்வேக்கள் உண்டு. ஒன்று என்ஹேன்ஸ்: வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்து, உயரம் எடை கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு நடமாடும் பரிசோதனை வண்டிக்கு வரவழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி அளப்பார்கள். இன்னொன்று பிஆர்எஃப்எஸ்எஸ்: முழுக்க போனில். ஆண்டுக்கு நான்கு லட்சம் பேர் அளவில் கேட்பதால் மாநில வாரியாகச் சொல்ல இதைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஆனால் ஒருவரைக்கூட அளப்பதில்லை.

வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் 70 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 58 என்று சொல்ல வாய் வராது. அடுத்த வாரம் தராசில் ஏறப்போகிறோம் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வோம். போனில் அந்தக் கூச்சம் இல்லை. மஜித் எஸ்ஸாட்டியும் சக ஆய்வாளர்களும் 2006இல் இந்த இரண்டு சர்வேக்களையும் ஒப்பிட்டபோது, போனில் பெண்கள் எடையைக் குறைத்துச் சொல்வதும், இளைய, நடுவயது ஆண்கள் உயரத்தைக் கூட்டிச் சொல்வதும் தெளிவாகத் தெரிந்தன.

அப்படின்னா என்ஹேன்ஸ்ல போட்ட சமன்பாட்டை போன் சர்வேக்குப் போடக்கூடாதா?

போட்டால் திருத்தம் பாதியிலேயே நின்றுவிடும். என்ஹேன்ஸ்காரர் ஒருவர் 28 என்று சொன்னால் அவரது உண்மை 29 வாக்கில் இருக்கலாம். போனில் 28 என்று சொன்னவரின் உண்மை 29.5 ஆக இருக்கலாம். ஒரே சொல், வேறு உண்மை. சமன்பாடு வேலை செய்ய, "இன்னது சொன்னால் உண்மை இன்னது" என்ற உறவு இரண்டு சர்வேயிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு நாட்டின் சமன்பாட்டை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும்போதும் இதே சிக்கல்தான். கனடா சமன்பாட்டை இந்தியத் தரவில் போட்டு ஒரு மாணவர் எடுத்து வந்தார். இந்தியாவில் அதற்குத் தேவையே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நம் தேசிய குடும்ப நலச் சர்வே நேரிலேயே அளந்துவிடுகிறது, பெண்களை 1998–99 சுற்றிலிருந்தே.

போன் சர்வேல ஒருத்தரையும் அளக்கலை, சமன்பாடும் கடன் வாங்கக்கூடாது. பின்ன எப்படித்தான் திருத்துவாங்க?

வரிசையை வைத்துத் திருத்துவார்கள். இரண்டு சர்வேயும் ஒரே நாட்டு மக்களிலிருந்து எடுத்தவை. எனவே போனில் சொன்னவர்களைக் குட்டையிலிருந்து நெட்டை என்பதுபோல, பிஎம்ஐப்படி ஒல்லியிலிருந்து குண்டு வரை வரிசையில் நிறுத்துங்கள். என்ஹேன்ஸில் அளந்தவர்களையும் அப்படியே நிறுத்துங்கள். போன் வரிசையில் நூற்றில் தொண்ணூறாவது இடத்தில் இருப்பவருக்கு, அளந்த வரிசையில் தொண்ணூறாவது இடத்தில் இருப்பவரின் பிஎம்ஐயைக் கொடுங்கள். ஆண், பெண் தனித்தனி வரிசை. "சொன்னால் உண்மை என்ன" என்ற உறவு இங்கே தேவைப்படவில்லை. எல்லாரும் பொய்யை ஏறக்குறைய வரிசை கலையாமல் சொல்கிறார்கள் என்று நம்பினால் போதும்.

சக்கரி வார்டும் சக ஆய்வாளர்களும் இந்த வழியில் 62 லட்சத்துக்கும் மேற்பட்ட பிஆர்எஃப்எஸ்எஸ் பதில்களைத் திருத்தி, 2019இல் அமெரிக்க மாநிலங்களின் பருமனை 2030 வரை கணித்தார்கள். நாட்டு அளவில் பெரியவர்களில் பாதிப் பேர், 48.9 சதவீதம், பருமனாவார்கள் என்று வந்தது.

பலவீனமும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. தேசிய வரிசையை வைத்துத் திருத்தும்போது எல்லா மாநிலத்தவரும் ஒரே மாதிரி மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு மாநிலத்தில் மட்டும் வெட்கம் அதிகம் என்றால் அந்த மாநிலம் உண்மையைவிட மெலிந்தே தெரியும், அதைக் காட்டிக்கொடுக்க அங்கே அளவு எதுவும் இல்லை. இன்னொன்று, போனை எடுப்பவர்களும் வண்டிக்கு வருபவர்களும் ஒரே மாதிரி ஆட்கள்தானா என்பது. இல்லையென்றால் அந்த வித்தியாசத்தையும் "பொய்" கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சதவீதம் கிடக்கட்டும். நான் பார்க்கிறது பருமனுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு. பிழை இருந்தா தொடர்பு கம்மியாத்தானே தெரியும், அப்போ நான் பாதுகாப்பான பக்கம்தானே?

அந்தப் பாடம் குருட்டாம்போக்கான பிழைக்குப் பொருந்தும். நம் பிழை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதனால் விளைவு பெரும்பாலும் தலைகீழ். எல்லையை ஒட்டியிருக்கும் பருமனானவர்கள் எடையைக் குறைத்துச் சொல்லி "அதிக எடை" பிரிவுக்கு இறங்கிவிடுகிறார்கள். பருமன் பிரிவில் மிஞ்சுவது ரொம்பக் கனமானவர்கள் மட்டும். அங்கே சர்க்கரை விகிதம் ஏறிவிடும். இறங்கி வந்தவர்கள் அதிக எடைப் பிரிவையும் கனமாக்குகிறார்கள், அங்கேயும் விகிதம் ஏறும். இயல்பு எடைப் பிரிவுக்கும் சிலர் இறங்குவார்கள், ஆனால் அது பெரிய கூட்டம், பெரிதாக அசையாது. ஆக ஒப்பிடும் தளம் அப்படியே இருக்க, மேலே இரண்டு படியும் உயர்ந்துவிடும். கனடாவின் 2005 தரவில் சொன்ன அளவையும் அளந்த அளவையும் வைத்து நோய்த்தொடர்பைப் பார்த்தபோது இதுதான் நடந்தது: சொன்ன பிஎம்ஐயில் தொடர்பு வலுவாகத் தெரிந்தது.

உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சர்க்கரை இருப்பவர் மாதாமாதம் கிளினிக்கில் தராசில் ஏறுகிறார். எடை சரியாகத் தெரியும். இல்லாதவர் மறைக்கிறார். அப்போது பிழை நோயையே சார்ந்ததாகிவிடுகிறது, நோயைக் கேட்காத எந்தச் சமன்பாடும் அதைத் தீர்க்காது. திருத்திய பிஎம்ஐயைப் பயன்படுத்தினால், சமன்பாட்டின் சொந்த நிச்சயமின்மையையும் நம்பக இடைவெளியில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

நானே என்ஹேன்ஸ் கோப்பை இறக்கிப் பிழையைப் பார்க்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

2017–18 சுற்றில் ஆரம்பிக்க இரண்டு கோப்புகள் போதும். சொன்னது `WHQ_J`, அளந்தது `BMX_J`.

```r
library(haven)
d <- merge(read_xpt("WHQ_J.XPT"), read_xpt("BMX_J.XPT"), by = "SEQN")
d$WHD010[d$WHD010 >= 7777] <- NA   # height, inches
d$WHD020[d$WHD020 >= 7777] <- NA   # weight, pounds
d$said <- d$WHD020 * 0.45359 / (d$WHD010 * 0.0254)^2
d$gap  <- d$said - d$BMXBMI
```

7777 என்றால் சொல்ல மறுத்தார், 9999 என்றால் தெரியவில்லை. அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு, சிலர் 9999 பவுண்டு என்று ஒரு வரைபடம் எனக்கு வந்திருக்கிறது. பிறகு `gap`ஐச் சராசரியாக மட்டும் பார்க்காமல் `BMXBMI`க்கு எதிரே வரைந்து பாருங்கள், வலப்பக்கம் சரியும். ஆனால் அந்தச் சரிவு முழுவதையும் மறைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: அளந்த எண்ணுக்கு எதிரே வரைந்தால், அன்றைய அளவில் தற்செயலாகக் கனமாக இருந்தவர்களும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்து சரிவைக் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். கர்ப்பிணிகளை நீக்குங்கள். நாட்டுக்கான எண் வேண்டும் என்றால் `WTMEC2YR` எடைமதிப்பையும் சேர்க்கவேண்டும். இந்த இரண்டு விவரமும் `DEMO_J` கோப்பில் இருக்கின்றன, அதையும் `SEQN` வைத்தே இணைத்துக்கொள்ளுங்கள்.

2005 சமன்பாடு இன்னைக்கும் செல்லுமா?

சந்தேகத்தோடுதான் பயன்படுத்துவேன். கானர் கோர்பரும் ட்ரெம்ப்ளேயும் 1976 முதல் 2005 வரையிலான கனடா, அமெரிக்கத் தரவுகளை 2010இல் ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் பிழை ஏறக்குறைய அப்படியே இருந்தது, கனடாவில் வளர்ந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே மாதிரி சாப்பாடு, பிழை மட்டும் ஒன்றாக நகரவில்லை. அதனால் பழைய சமன்பாட்டை வைத்துப் புதிய போக்கைச் சொன்னால், உடம்பு மாறியதா, சொல்லும் பழக்கம் மாறியதா என்று பிரிக்க முடியாது.

சில நேரம் வேறு வழி இருக்காது. எப்போதும் வீட்டுக்கு வந்து அளக்கும் இங்கிலாந்து நலச் சர்வே, கோவிட் காலத்தில் வீட்டுக்குள் நுழைய முடியாமல் 2021இல் உயரத்தையும் எடையையும் கேட்டே எழுதிக்கொண்டது. முந்தைய ஆண்டுகளில் கேட்டும் அளந்தும் வைத்திருந்த தங்கள் சொந்தத் தரவில் போட்ட சமன்பாட்டால் திருத்தியது. கடன் வாங்கவில்லை, நாடும் அதே, கேள்வியும் ஏறக்குறைய அதே. ஆனாலும் பழைய ஆட்கள் பதில் சொன்னது வீட்டுக்கு வந்தவரிடம்; 2021இல் சொன்னது போனில். எட்டாவது, ஒன்பதாவது பதில்களைப் படித்தவர்களுக்கு இதில் எது உறுத்தும் என்று தெரியும்.